நீடாமங்கலத்துக்கு அனுப்பிய இரண்டு நிமிடக் காணொளி

பிப்ரவரி 20, மாலை. சம்பா அறுவடை கடைசிக் கட்டத்தில் இருந்தது. மன்னார்குடியில் நான் கணக்கு பார்க்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கூகுள் ஷீட், பிப்ரவரி மாதக் கொள்முதல் மொத்தம் 86 மூட்டை என்று காட்டியது. ஒரே நாளில் அதைவிட அதிகம் வந்து இறங்கிய நாட்கள் அந்த மாதத்தில் இருந்தன. நெல் களத்தில் இருக்கிறது, எடைச் சீட்டு இருக்கிறது, தாளிலும் ஒவ்வொரு வரியாகப் பதிவு இருக்கிறது. கூட்டுத்தொகை மட்டும் வரவில்லை.

பதிவு செய்பவர் நீடாமங்கலம் சேகரிப்பு மையத்தில் இருக்கும் அக்கா. மூட்டை எண்ணிக்கை, ரகம், ஈரப்பதம் எதிலும் அவர் தவறு செய்வதில்லை; ஏடிடி 51 எது, டிகேஎம் 13 எது என்று கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார். பிழை தேதியில் இருந்தது, அதுவும் அவருடைய பிழை இல்லை. தாளை முதலில் உருவாக்கியவரின் கூகுள் கணக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்ததால், தாளும் அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்னால் வைத்தே தேதியைப் படித்தது. அக்கா `03/02/2026` என்று தட்டினால் நமக்கு அது பிப்ரவரி 3. தாளுக்கு அது மார்ச் 2. பன்னிரண்டாம் தேதி வரை இப்படிச் சத்தமில்லாமல் மாறிக்கொண்டே போகும்: பிப்ரவரி 1 ஜனவரிக்குப் போய்விடும், பிப்ரவரி 12 டிசம்பருக்குப் போய்விடும். பதின்மூன்றாம் தேதியிலிருந்து கதை வேறு. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் தாள் அதைத் தேதியாகவே ஏற்றுக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். மாறாமல் பிப்ரவரியிலேயே நிற்பது `02/02/2026` ஒன்றுதான். அந்த ஒரு நாளின் 86 மூட்டைதான் மொத்தமாக வந்து நின்றது.

இதை நான் முதலில் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன்.

“அக்கா, 14ஆம் தேதி கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி இருக்கிறதா, வலது பக்கம் ஒட்டி இருக்கிறதா?”

“கட்டத்துக்குள்தான் இருக்கிறது தம்பி. ஒட்டுவது என்றால் எப்படி?”

அவர் கேட்டது நியாயம். தேதியாக ஏற்கப்பட்டது வலது ஓரத்திலும் எழுத்தாக நின்றது இடது ஓரத்திலும் இருக்கும் என்பது பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும், சொன்னால் விளங்காது. திரையைப் படம் பிடித்து அனுப்பினால் இந்த ஓர வித்தியாசம் தெரியும். ஆனால் 3ஆம் தேதிக் கட்டத்தை இரண்டு முறை சொடுக்கினால் சின்ன நாட்காட்டி திறந்து அதில் மார்ச் மாதம் நிற்பதை ஒரு படம் காட்டாது. நேரில் போய்க் காட்டலாம் என்றால், மூட்டை இறங்கும் நேரத்தில் அவர் கணினிப் பக்கமே வரமாட்டார். ஆகவே காணொளி.

இதற்கென்று எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் 11 கணினியில் திரையைப் படம் பிடிக்கும் `Snipping Tool` செயலிக்குள்ளேயே 2023 முதல் திரைப் பதிவும் இருக்கிறது. `Win+Shift+R` அழுத்தினால் திரை மங்கும், பதிவு செய்ய வேண்டிய பகுதியைச் சுட்டியால் இழுத்துக் குறிக்கலாம், `Start` அழுத்தினால் மூன்று எண்ணி முடித்துப் பதிவு தொடங்கும். முடித்ததும் `Videos` கோப்புறைக்குள் `Screen Recordings` என்ற இடத்தில் எம்பி4 கோப்பாகச் சேமித்து வைக்கும். விண்டோஸ் 10 கணினியில் இந்த வசதி இல்லை. அங்கே `Win+Alt+R` அழுத்தி `Game Bar` வழியாகப் பதிவு செய்யலாம். விளையாட்டுகளுக்காக வந்த வசதி அது. ஒரு செயலியின் சாளரத்தை மட்டுமே பதிவு செய்யும், முகப்புத் திரையையும் கோப்புறைச் சாளரத்தையும் பதிவு செய்யாது. பதிவின் நடுவில் வேறு செயலிக்குத் தாவினால், பார்ப்பவருக்குப் பழைய சாளரமே அசையாமல் தெரிந்துகொண்டிருக்கும், உங்கள் குரல் மட்டும் வேறு எதையோ விளக்கிக்கொண்டிருக்கும். பிரவுசருக்குள்ளேயே முடிகிற வேலை என்றால் அதுவும் போதும்.

பதிவைத் தொடங்குவது எளிது. நான் நேரம் செலவழித்தது அதற்கு முன்னால்தான், அதிலும் ஒரே ஒரு கேள்விக்கு: அக்கா இதை எதில் பார்ப்பார்? களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, வெயிலில், கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துத்தான் பார்ப்பார். 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் ஏறத்தாழ முப்பத்தைந்து சென்டிமீட்டர். நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியின் திரை அகலம் ஏழு சென்டிமீட்டருக்குள் இருக்கும். முழுத் திரையையும் பதிவு செய்தால் எல்லாம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். என் கண்ணுக்கு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் தெரியும் எண், அவர் கையில் அரை மில்லிமீட்டர் சொச்சம். 03 என்பதும் 08 என்பதும் அந்த அளவில் ஒன்றுதான்.

அதனால் இரண்டு காரியம் செய்தேன். பிரவுசரில் `Ctrl` உடன் `+` அழுத்திப் பக்கத்தை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். பிறகு முழுத் திரையை எடுக்காமல், தேதி, ரகம், மூட்டை ஆகிய மூன்று பத்திகள் மட்டும் தெரிகிற மாதிரி திரையின் பாதி அகலத்துக்கு ஒரு பகுதியைக் குறித்தேன். பதினேழு சென்டிமீட்டர் ஏழாகச் சுருங்குவது இரண்டரை மடங்குதான். எழுத்து முன்பே ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது. கணக்குப் போட்டால் அவருக்குத் தெரியும் எண்ணின் உயரம் இரண்டு மில்லிமீட்டரை நெருங்கும். செய்தித்தாளின் சிறு எழுத்தைப் போலப் படித்துவிடலாம். குறித்த பகுதியைப் பதிவின் நடுவில் நகர்த்த முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அமைப்புகள் பட்டியல் திறக்கும் இடமும் அந்தப் பகுதிக்குள் விழுகிறதா என்று முன்கூட்டியே ஒரு முறை திறந்து பார்த்துக்கொண்டேன்.

மூன்று பத்திகள் மட்டும் என்று நான் நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தாளில் உழவர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. நெல்லைப் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறவர் நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது. காணொளியில் ஒரு முறை பதிந்துவிட்டால் அதை மட்டும் தனியே அழிப்பது எளிதில்லை. ஒவ்வொரு நொடியிலும் மறைத்துக்கொண்டு வர வேண்டும். பதிவுக்கு முன்னால் அந்தப் பத்திகளை மறைத்து வைப்பதற்கு ஐந்து நொடி போதும். இன்னும் பாதுகாப்பான வழி, தாளைப் பிரதியெடுத்து அதில் நான்கு பொய் வரிகளை வைத்துக் காட்டுவது. நான் அதைத்தான் செய்தேன். தவறான தேதியை விளக்குவதற்கு யாருடைய உண்மையான கணக்கு எண்ணும் தேவையில்லை. கூடவே `Win+N` அழுத்தி `Do not disturb` போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் குறித்த பகுதிக்குள் வந்து விழுகிற அறிவிப்பும் பதிவில் சேர்ந்துவிடும்.

அடுத்தது குரல். முதல் முறை நான் நான்கு நிமிடம் பொறுமையாக விளக்கி முடித்துப் போட்டுப் பார்த்தபோது ஊமைப் படம் ஓடியது. பதிவுப் பட்டையில் மைக் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருந்ததை நான் கவனிக்கவில்லை. கணினியின் ஒலிக்கும் மைக்குக்கும் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. பேச்சு பதிவாக மைக்தான் திறந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து பத்து நொடி சோதனைப் பதிவு எடுத்துக் கேட்காமல் நான் தொடங்குவதில்லை. அந்தப் பத்து நொடியில் இன்னொன்றும் தெரிந்துவிடும். மடிக்கணினியின் மைக் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை நம் குரலுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும். கம்பி இல்லாத காதணி போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், ஏனென்றால் மைக்காகப் பயன்படுத்தும்போது அது தொலைபேசி அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. நான் பயன்படுத்துவது பழைய கம்பி காதணி. மின்விசிறியை இரண்டு நிமிடம் நிறுத்திவிடுவேன்.

பேச்சை எழுதி வைத்துப் படிக்கவில்லை, வரிசையை மட்டும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். முதல் வாக்கியத்திலேயே விஷயம்: “அக்கா, பிப்ரவரி மொத்தம் 86 என்று வருகிறது, காரணம் தேதியின் அமைப்பு. உங்கள் பதிவில் தவறு இல்லை.” இந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் தொடங்கியிருந்தால் மீதி நேரம் முழுவதும் அவர் தன் மேல் என்ன குற்றம் சொல்லப் போகிறேன் என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு 3ஆம் தேதிக் கட்டத்தை இரண்டு முறை சொடுக்கி நாட்காட்டியில் மார்ச் வருவதைக் காட்டினேன். 14ஆம் தேதிக் கட்டத்தைச் சொடுக்கினால் நாட்காட்டியே வரவில்லை என்பதைக் காட்டினேன். அதற்குப் பிறகு `File`, அதில் `Settings`, அதில் `Locale`. அமெரிக்கா என்று இருப்பதை `India` என்று மாற்றிச் சேமித்தேன். புதிய வரியில் `20/02/2026` என்று தட்டினேன். அது வலது ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தது.

இதில் கையைப் பழக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பேசும்போது சுட்டியை ஆட்டிக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம். கைப்பேசியில் பார்ப்பவருக்குச் சுட்டி ஒரு கொசு அளவுதான். அது அலைந்தால் கண் அதன் பின்னால் ஓடும், சொல்வது காதில் விழாது. சுட்டியைச் சொடுக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அந்த இடத்தின் பெயரை வாயால் சொல்லிவிட்டு, பிறகுதான் சொடுக்கினேன். பட்டியல் திறந்ததும் இரண்டு நொடி ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்த அமைதி நீளமாகத் தெரிந்தது. கேட்பவருக்கு அது படிக்கக் கிடைக்கும் நேரம்.

மொத்தம் 2 நிமிடம் 10 நொடி, 24 எம்பி. எண்கள் அசையாமல் நிற்கும் திரை என்பதால் கோப்பு சிறியது. அதை அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். காணொளியாகப் போட்டால் வாட்ஸ்அப் அதை மறுபடி சுருக்கும். முகமும் வயலும் சுருக்கினால் பெரிதாகக் கெடுவதில்லை. எண்ணின் விளிம்புதான் முதலில் கரையும், நான் பாடுபட்டுக் காப்பாற்றிய இரண்டு மில்லிமீட்டர் அங்கே போய்விடும். ஆவணமாக இணைத்தால் சுருங்காமல் போகும். ஆனால் கையைவிட்டுப் போன பிரதி அது: நாளை திருத்த முடியாது, அது எத்தனை குழுக்களுக்குப் போனது என்று தெரியாது. கோப்பை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு இணைப்பை மட்டும் அனுப்பினால் இந்த இரண்டும் நம் கையில் இருக்கும்.

கூகுள் டிரைவில் ஏற்றினேன். எங்கள் அலுவலக இணையத்தில் ஏற்றும் வேகம் மாலையில் 2 எம்பிபிஎஸ் அளவில்தான் இருக்கும். 24 எம்பி என்பது 192 மெகாபிட். ஆக, ஒன்றரை நிமிடம். ஏற்றி முடிந்த உடனே இணைப்பை அனுப்பக் கூடாது என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். கோப்பு போய்ச் சேர்ந்த பிறகு டிரைவ் அதைப் பல தரங்களில் மாற்றி வைக்கும். அது முடிவதற்குள் திறப்பவருக்குக் காணொளி இன்னும் தயாராகவில்லை என்ற செய்தி வரும், அல்லது மங்கலான தரம் மட்டும் கிடைக்கும். அக்கா அந்தச் செய்தியைப் பார்த்தால் “இது திறக்கவில்லை” என்று முடிவு செய்து கைப்பேசியைச் சட்டென்று பைக்குள் போட்டுவிடுவார். பிறகு இரவுதான் மறுபடி எடுப்பார். நான் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, என் கைப்பேசியில் திறந்து, எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அனுப்பினேன்.

இணைப்பு திறக்காமல் போவதற்கு அதைவிடப் பெரிய காரணம் அனுமதி. டிரைவில் ஏற்றும் கோப்பு பொதுவாகத் தொடக்கத்தில் `Restricted` நிலையில்தான் இருக்கும்: யாருடைய மின்னஞ்சலைச் சேர்க்கிறோமோ அவர் மட்டுமே பார்க்கலாம். இணைப்பை நகலெடுப்பதும் அனுமதி தருவதும் வேறு வேறு காரியங்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இணைப்பு என்பது வீட்டு முகவரி. சாவி அதில் இல்லை. அக்காவின் அலுவலக மின்னஞ்சலைச் சேர்த்தால் மட்டும் போதுமா என்றால், அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. அவருடைய கைப்பேசியில் இருப்பது சொந்தக் கணக்கு. வாட்ஸ்அப்பிலிருந்து இணைப்பைத் தொட்டால் அந்தக் கணக்கில்தான் திறக்கும், உடனே `You need access` என்று வரும். அனுமதி கொடுத்தாயிற்று என்று நான் சாதிப்பேன், திறக்கவில்லை என்று அவர் சாதிப்பார், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

`Anyone with the link` என்று மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை. எந்தக் கணக்கும் இல்லாமல் யார் தொட்டாலும் திறக்கும். அதுதான் அதன் வசதி, அதுதான் அதன் ஆபத்து. நான் வைத்திருக்கும் வழக்கம் இது: காணொளியில் ஒரு உழவரின் விவரமாவது தெரிந்தால் `Restricted`, பார்ப்பவர் எந்தக் கணக்கில் பார்ப்பார் என்று கேட்டு அந்த மின்னஞ்சலையே சேர்ப்பேன். பொய் வரிகளை வைத்து எடுத்த விளக்கம் என்றால் இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம், ஆனால் `Viewer` என்ற அளவில் மட்டும். அலுவலகக் கணக்குகள் சிலவற்றில் வெளியாருக்குத் திறந்துவிடும் இந்த வாய்ப்பையே நிர்வாகி மூடி வைத்திருப்பார். அப்போது மின்னஞ்சலைச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிறகு `Restricted` நிலைக்குத் திருப்பிவிடலாம், பரவிப்போன இணைப்புகள் எல்லாம் அந்த நிமிடமே செத்துவிடும். யாராவது அதற்குள் பதிவிறக்கி வைத்திருந்தால் அந்தப் பிரதி மட்டும் தப்பும்.

திறக்கிறதா என்று நம் கணினியிலேயே தொட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. கோப்பின் உரிமையாளர் நாம். நமக்கு எப்போதும் திறக்கும். குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் `Ctrl+Shift+N` அழுத்தி மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, அதில் இணைப்பை ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே நம் கணக்கு இருக்காது. காணொளி ஓடினால் யாருக்கும் ஓடும். உள்நுழையச் சொன்னால், அது `Restricted` நிலையில்தான் இருக்கிறது என்று பொருள்.

இணைப்போடு நான் எழுதி அனுப்பியது மூன்று வரி: “அக்கா, பிப்ரவரி மொத்தம் ஏன் வரவில்லை என்பதற்கு இரண்டு நிமிடக் காணொளி. அவசரம் என்றால் 1:05 முதல் பாருங்கள், மாற்ற வேண்டிய இடம் அங்கே இருக்கிறது. இன்றைய லாரிக் கணக்கை எழுதுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.” வெறும் இணைப்பு மட்டும் வந்தால், அது என்ன, எவ்வளவு நேரம் பிடிக்கும், எப்போதைக்குள் பார்க்க வேண்டும் என்று எதுவும் தெரியாமல் எதிரில் இருப்பவர் அதைத் தள்ளித்தான் போடுவார்.

ஏழரை மணிக்கு அக்காவிடமிருந்து பதில் வந்தது. அதுவும் ஒரு காணொளி, நாற்பது நொடி. ஆண்ட்ராய்டு 11 முதல், அதாவது 2020 முதல், கைப்பேசியிலேயே திரைப் பதிவு உண்டு. மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பொத்தான்களில் `Screen record` இருக்கும். தொடங்குவதற்கு முன்னால் மைக் ஒலியைச் சேர்க்கவா, விரல் தொடும் இடங்களைக் காட்டவா என்று கேட்கும். அக்கா இரண்டையும் போட்டிருந்தார். அவர் விரல் பட்ட இடமெல்லாம் ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. “தம்பி, நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். இன்றைய தேதி வலது பக்கம் போகிறது. ஆனால் 14 இன்னும் இடது பக்கமே நிற்கிறது, இதோ பாருங்கள்” என்று அந்தக் கட்டத்தின் மேல் வட்டம் இரண்டு முறை தோன்றியது.

விடுபட்டது என் விளக்கத்தில். நாட்டை மாற்றியது இனிமேல் தட்டும் தேதிகளுக்குத்தான். முன்பே எழுத்தாக நின்றுவிட்டவையும் மாதம் மாறிப் போனவையும் தாமாகத் திரும்பி வராது, ஒவ்வொன்றையும் மறுபடி தட்ட வேண்டும். பழைய பதிவோடு ஒட்டுப்போடாமல், இந்தப் பகுதியையும் சேர்த்து முழுவதையும் மறுபடி பேசினேன். 2 நிமிடம் 35 நொடி வந்தது. டிரைவில் பழைய கோப்பின் மேல் வலச் சொடுக்கு செய்து `Manage versions` வழியாகப் புதிய கோப்பை ஏற்றினேன். இணைப்பு மாறவில்லை. அக்கா அதற்குள் குடவாசல் மையத்தில் இருக்கும் தம்பிக்கும் அதை அனுப்பியிருந்தார். அவர் இரவு திறந்தபோது திருத்திய காணொளியே ஓடியது.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் அக்கா 1ஆம் தேதியிலிருந்து எல்லாத் தேதிகளையும் திரும்பத் தட்டி முடித்திருந்தார். மொத்தக் கட்டத்தில் எண் நான்கு இலக்கத்துக்கு ஏறியிருந்தது. எடைச் சீட்டுகளோடு ஒப்பிட்டேன், ஒரு மூட்டை கூடக் குறையவில்லை.